பெயரெச்சத்துக்குப் பின்னால் கமா போடலாமா? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூச்சு விடுற இடத்துல கமா போட்டா போதும்னு சொல்றாங்களே, அது சரியா?

அதை நம்பி எழுத வேண்டாம். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். தேர்வு நேரத்தில் பதற்றத்தோடு எழுதும்போது நாலு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கும், அதற்காக நாலு சொல்லுக்கு ஒரு கமாவா போட முடியும்?

தமிழ் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். வினைமுற்று கடைசியில் வந்து உட்காரும். அதற்கு முன்னால் வரும் சொற்கள் பெரும்பாலும் தனக்குப் பின்னால் வரப்போகும் ஏதோ ஒரு சொல்லை எதிர்பார்த்து நிற்கும். ‘வந்த’ என்று எழுதினால் வந்தது யார் என்று ஒரு பெயரைத் தேடுவோம். ‘நேற்று’ என்று எழுதினால் நேற்று என்ன நடந்தது என்று ஒரு வினையைத் தேடுவோம். படிப்பவரின் கண் பொறுமையாகத் தேடாது, பக்கத்தில் கிடைக்கும் முதல் சொல்லோடு சேர்த்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், அங்கே கமா வேண்டாம். பக்கத்துச் சொல்லோடு சேரக்கூடாது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சேரவேண்டும் என்றால்தான் ஒரு காற்புள்ளி போட்டுக் கண்ணை நிறுத்துகிறோம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

பெயரெச்சத் தொடர்னா என்ன? படிச்சேன், மறந்துபோச்சு.

‘மெரினாவில் சுண்டல் விற்ற பெரியவர்’ என்பதில் ‘விற்ற’ பெயரெச்சம். அதோடு சேர்ந்து வரும் ‘மெரினாவில் சுண்டல் விற்ற’ முழுவதும் ‘பெரியவர்’ என்ற பெயரைப் பற்றிச் சொல்கிறது. செய்த, செய்கின்ற, செய்யும் என்று மூன்று வாய்பாடுகளை நன்னூல் சொல்கிறது. அதோடு, இந்த எச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியலாம் என்றும் சொல்கிறது. ‘எழுதிய’ என்பதை எடுத்துக்கொண்டால் எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று ஆறும் சரியாக வரும். கமாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பெயரெச்சத்துக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் வந்தாலும் அதோடு ஒட்டிக்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. அதனால்தான் அது தப்பான பெயரோடும் சுலபமாக ஒட்டிவிடுகிறது.

‘கடற்கரையில் பட்டம் விட்ட, சிறுவன் கீழே விழுந்தான்.’ இந்தக் கமாவை டீச்சர் சிவப்பு மையில் அடிச்சுட்டாங்க. ஏன்?

‘விட்ட’ தேடும் பெயர் ‘சிறுவன்’. அது பக்கத்திலேயே இருக்கிறது. சேரவேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே குறி போட்டால், ‘விட்ட’ வேறு யாரையோ சொல்கிறது போலிருக்கிறது என்று நினைத்துப் படிப்பவர் மேலே தேடிப் போவார். யாரும் கிடைக்காமல் திரும்பி வருவார். கடற்கரையில் பட்டம் விட்ட சிறுவன் கீழே விழுந்தான். அவ்வளவுதான், குறியே வேண்டாம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைகளில் இந்தப் பிழைதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடர் நீளமாகிவிட்டால் கை தானாகவே ஒரு கமா போட்டுவிடுகிறது. ‘காலையில் ஐந்து மணிக்கே எழுந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வந்த என் பாட்டி’ என்று எவ்வளவு நீண்டாலும் ‘வந்த’ என்பதற்கும் ‘என் பாட்டி’ என்பதற்கும் நடுவில் எதுவும் வராது.

அப்போ பெயரெச்சத்துக்குப் பின்னால கமா வரவே வராதா?

வரும். பள்ளி அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> போன வாரம் காணாமல் போன மாணவியின் சைக்கிள் கிடைத்துவிட்டது.

படித்ததும் வயிற்றைக் கலக்கும். காணாமல் போனது மாணவியா, சைக்கிளா? ‘போன’ தேடும் பெயர் சைக்கிள். ஆனால் பக்கத்தில் நிற்பது மாணவி. நடுவில் ‘மாணவியின்’ என்று ஆறாம் வேற்றுமை ஏற்ற பெயர் புகுந்துகொண்டதால் எச்சம் அதோடு ஒட்டிவிட்டது. இங்கே கமா உதவும்:

> போன வாரம் காணாமல் போன, மாணவியின் சைக்கிள் கிடைத்துவிட்டது.

இப்போது ‘போன’ மாணவியைத் தாண்டிச் சைக்கிளிடம் போகிறது. ஆனாலும் இதை நான் இரண்டாவது வழியாகத்தான் வைப்பேன். முதல் வழி சொற்களை இடம் மாற்றுவது: ‘மாணவியின் காணாமல் போன சைக்கிள்’ என்றோ, ‘போன வாரம் காணாமல் போன சைக்கிள் கிடைத்துவிட்டது, அது ஒன்பதாம் வகுப்பு மாணவியுடையது’ என்றோ எழுதினால் குறியை நம்பியிருக்க வேண்டியதே இல்லை. பலகையிலிருந்து யாராவது பார்த்து எழுதும்போது அந்தச் சின்னக் குறி விட்டுப்போனால் பழைய குழப்பம் அப்படியே திரும்பிவிடும். இடம் மாற்றி எழுதியதற்கு அந்த ஆபத்து இல்லை.

எப்போது இந்தச் சந்தேகம் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: பெயரெச்சத்துக்கு அடுத்த சொல் ‘இன்’, ‘உடைய’ என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கே இரண்டு பெயர்கள் போட்டி போடுகின்றன, ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

ஒரே பெயருக்கு ரெண்டு மூணு பெயரெச்சம் வந்தா?

> பழைய, துருப்பிடித்த, சங்கிலி கழன்ற மிதிவண்டி

நடுவில் போடலாம், கடைசி எச்சத்துக்கும் பெயருக்கும் இடையில் போடக்கூடாது. ‘சங்கிலி கழன்ற, மிதிவண்டி’ என்று எழுதுவது மேலே பார்த்த அதே பிழை.

‘நேற்று’, ‘மழை நின்ற பிறகு’ மாதிரி ஆரம்பத்துல வர்றதுக்குப் பின்னால கமா கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ‘நேற்று எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியது’ என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை, குறியும் வேண்டாம். ‘நேற்று, எங்கள் தெருவில், தண்ணீர் தேங்கியது’ என்று எழுதினால் படிப்பவருக்குக் கல்லில் தடுக்கித் தடுக்கி நடப்பது போல இருக்கும்.

ஆனால் தொடக்கத் தொடருக்குப் பின்னாலேயே ஒரு பெயரெச்சத் தொடர் வந்துவிட்டால் விஷயம் மாறுகிறது. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்:

> மழை நின்ற பிறகு பள்ளிக்கு வந்த மாணவர்களை ஆசிரியர் விளையாட விட்டார்.

நவம்பர் மாதத்துச் சென்னையில் இந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மழை ஓயும்வரை வீட்டில் இருந்துவிட்டுத் தாமதமாக வந்த மாணவர்களை மட்டும் ஆசிரியர் விளையாட விட்டார் என்பது ஒன்று. மாணவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள், மழை நின்றதும் ஆசிரியர் அவர்களை விளையாட விட்டார் என்பது இன்னொன்று. ‘மழை நின்ற பிறகு’ என்பது காலத்தைச் சொல்கிறது, அது ஒரு வினையைத் தேடுகிறது. அதற்குப் பின்னால் வினை இரண்டு: ‘வந்த’ முதலில் வருகிறது, ‘விட்டார்’ கடைசியில். குறி இல்லாவிட்டால் அது ‘வந்த’ என்பதோடுதான் சேரும். முதல் அர்த்தம்தான் வேண்டும் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவது அர்த்தம் வேண்டும் என்றால்:

> மழை நின்ற பிறகு, பள்ளிக்கு வந்த மாணவர்களை ஆசிரியர் விளையாட விட்டார்.

ஆக, தொடக்கத் தொடர் நீளமா குட்டையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கும் கடைசி வினைக்கும் நடுவில் இன்னொரு வினை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரெச்சத்துக்குள் ஒரு வினை எப்போதும் ஒளிந்திருக்கும். ‘நேற்று’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக்கூட இது பொருந்தும். ‘நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்தேன்’ என்றால் வாங்கியது நேற்று. ‘நேற்று, வாங்கிய புத்தகத்தைப் படித்தேன்’ என்றால் படித்தது நேற்று. இதிலும் ‘வாங்கிய புத்தகத்தை நேற்று படித்தேன்’ என்று இடம் மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

எழுவாய்க்குப் பின்னால கமா போடக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், செய்தித்தாள்ல போடறாங்களே?

‘என் அண்ணன், வந்தான்’ என்று யாரும் எழுதக்கூடாது, சரி. ‘தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில், பழவந்தாங்கல் அருகே நின்றது’ என்று செய்திகளில் எழுதுவார்கள். எழுவாய் நீளமாக இருப்பதால், அது இங்கே முடிந்தது என்று காட்டுகிறார்கள். பிழை என்று சொல்லமாட்டேன். எடுத்துவிட்டாலும் ஒன்றும் கெடாது.

எழுவாய்க்குப் பின்னால் கமா உண்மையிலேயே வேலை செய்யும் இடம் வேறு.

> ஆசிரியர் அழுதுகொண்டே ஓடி வந்த மாணவனைத் தூக்கினார்.

அழுதது யார்? மாணவன் அழுதான் என்றால் ‘ஆசிரியர், அழுதுகொண்டே ஓடி வந்த மாணவனைத் தூக்கினார்’ என்று எழுத வேண்டும். ‘அழுதுகொண்டே ஓடி வந்த’ ஒரே தொகுதியாக மாணவனோடு போய்விடும். ஆசிரியர்தான் அழுதார் என்றால் ‘ஆசிரியர் அழுதுகொண்டே, ஓடி வந்த மாணவனைத் தூக்கினார்.’ சொற்கள் அதே சொற்கள், வரிசையும் அதே வரிசை. குறி ஒரு சொல் தள்ளி உட்கார்ந்ததும் அழுகிற ஆள் மாறிவிட்டார். தேர்வில் நிறுத்தக்குறி இடச் சொல்லி இது போன்ற வாக்கியம் வந்தால், முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்து யார் அழுதிருப்பார் என்று முடிவு செய்த பிறகுதான் பேனாவை வையுங்கள்.

எனவே, ஆகையால், ஆனால், மேலும்… இதுக்கெல்லாம்?

வாக்கியத்தின் தொடக்கத்தில் எனவே, ஆகையால், இருப்பினும், மேலும் என்று வந்தால் பின்னால் காற்புள்ளி போடுங்கள். பள்ளி இலக்கணத்தில் சொல்லித்தருவது அதுதான், மதிப்பெண்ணும் அதற்குத்தான். ‘ஆனால்’ என்பதற்குப் போடுபவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. ஒரு கட்டுரைக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

கமா போட்டா ஒற்று போடணுமா? ‘போய்ப், பால் வாங்கினான்’ சரியா?

சரியில்லை. ‘கடைக்குப் போய்ப் பால் வாங்கினான்’ என்று எழுதலாம், ‘கடைக்குப் போய், பால் வாங்கினான்’ என்றும் எழுதலாம். இரண்டையும் கலக்கக்கூடாது. ‘ப்’ ஏன் வருகிறது? ‘போய்’ என்பதும் ‘பால்’ என்பதும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து ஒலிப்பதால் வருகிறது. கமா அந்த இரண்டையும் பிரித்து நிறுத்துகிறது. பிரித்த பிறகு சேர்க்கை ஏது?

வினையெச்சத்துக்கும் நான்காம் வேற்றுமைக்கும் பின்னால்தான் இந்தப் பிழை அதிகம் வரும். முதலில் ‘மாணவர்களுக்குப் பரிசு’ என்று சரியாக எழுதியிருப்பீர்கள், திருத்தும்போது நடுவில் ஒரு குறி சேர்ப்பீர்கள், ஒற்றை எடுக்க மறந்துவிடுவீர்கள். ‘மாணவர்களுக்குப், பரிசு’ என்று ஆகிவிடும். கமாவுக்கு முன்னால் தொங்கும் க், ச், த், ப் தெரிகிறதா என்று கடைசியில் ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும். பெயரெச்சத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் ‘வந்த பையன்’, ‘படித்த கதை’ என்று அங்கே வல்லினம் மிகாது. ‘தீராப் பசி’ போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் மட்டும் மிகும்.

இங்கிலீஷ்ல ‘ஹூ’, ‘விச்’ வந்தா ரெண்டு பக்கமும் கமா போடச் சொல்றாங்க. தமிழ்லயும் அப்படியே போடலாமா?

ஆங்கிலத்திலேயே எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அங்கே பெயர் முதலில் வரும், அதைப் பற்றிய தொடர் பின்னால் வரும். ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம் ஈஸ் எ நர்ஸ்’ என்று குறி இல்லாமல் எழுதினால், எனக்கு ஒன்றுக்கு மேல் சகோதரர்கள், அதில் தாம்பரத்தில் இருப்பவர் என்று அர்த்தம். அந்தத் தொடர்தான் ஆளை அடையாளம் காட்டுகிறது. ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம், ஈஸ் எ நர்ஸ்’ என்றால் சகோதரர் ஒருவர்தான், தாம்பரம் என்பது கூடுதல் தகவல், எடுத்துவிட்டாலும் ஆள் யாரென்று தெரியும். கூடுதல் தகவல் என்றால் இரண்டு பக்கமும் குறி வேண்டும். முன்னால் ஒன்று போட்டுவிட்டுப் பின்னால் மறப்பதுதான் நம் பிள்ளைகள் அதிகம் செய்வது. கூடுதல் தகவலாக வரும் தொடரை ‘தட்’ போட்டுத் தொடங்கக்கூடாது, ‘ஹூ’ அல்லது ‘விச்’ தான்.

தொடக்கத் தொடருக்கு ஆங்கிலம் தமிழைவிடக் கண்டிப்பு. ‘வைல் வி வேர் ஈட்டிங் தி க்ரோ ஃப்ளூ அவே’ என்று எழுதினால், ‘ஈட்டிங் தி க்ரோ’ வரை படிப்பவர் நாம் காக்காயைச் சாப்பிட்டுவிட்டதாகவே நினைப்பார். ‘ஈட்டிங்’ என்பதற்குப் பின்னால் ஒரு கமா போட்டால் காக்காய் தப்பித்துப் பறந்துவிடும்.

இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ‘என் அண்ணன், யார் தாம்பரத்தில் இருக்கிறாரோ, ஒரு செவிலியர்’ என்று ஆகும். இது தமிழே இல்லை. தமிழில் தொடர் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது: ‘தாம்பரத்தில் இருக்கும் என் அண்ணன்.’ அண்ணன் ஒருவரா இருவரா என்பதை இங்கே எந்தக் காற்புள்ளியாலும் சொல்ல முடியாது. சொல்லவேண்டும் என்றால் சொல்லால்தான் சொல்ல வேண்டும். பலர் இருந்தால் ‘என் அண்ணன்களில் தாம்பரத்தில் இருப்பவர் செவிலியர்.’ ஒருவர்தான் என்றால் ‘என் அண்ணன் தாம்பரத்தில் இருக்கிறார், செவிலியராக வேலை பார்க்கிறார்.’ மொழிபெயர்ப்புக் கேள்வியில் ஆங்கில வாக்கியத்தின் கமாக்களைப் பார்த்து அர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கமாக்களை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியத்துல வந்தா என்ன செய்யறது? ஒண்ணு செஞ்சு காட்டுங்க.

> நேற்று மயிலாப்பூருக்கு வந்த தலைமையாசிரியரின் அண்ணன் எங்களுக்குப் பரிசு கொடுத்தார்.

இதில் பெயர் தேடும் சொல் ஒன்று, ‘வந்த’. அது தலைமையாசிரியரோடு சேருமா, அண்ணனோடு சேருமா? வினை தேடும் சொல் ஒன்று, ‘நேற்று’. அது ‘வந்த’ என்பதோடு சேருமா, ‘கொடுத்தார்’ என்பதோடு சேருமா? இரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில், ஆக மொத்தம் நான்கு அர்த்தம்.

குறி இல்லாமல் விட்டால் பக்கத்துச் சொற்களோடு சேரும்: நேற்று வந்தார், வந்தவர் தலைமையாசிரியர், பரிசு கொடுத்தவர் அவருடைய அண்ணன். வந்தது அண்ணன் என்றால் ‘நேற்று மயிலாப்பூருக்கு வந்த, தலைமையாசிரியரின் அண்ணன்’ என்று குறி போடலாம். தலைமையாசிரியர் எப்போது வந்தாலும் சரி, பரிசு கொடுத்தது நேற்று என்றால் ‘நேற்று, மயிலாப்பூருக்கு வந்த தலைமையாசிரியரின் அண்ணன்’ என்று போடலாம்.

வந்தது அண்ணன், கொடுத்தது நேற்று என்ற நான்காவது அர்த்தம்தான் வேண்டும் என்றால்? ‘நேற்று, மயிலாப்பூருக்கு வந்த, தலைமையாசிரியரின் அண்ணன்’ என்று இரண்டு குறி போட வேண்டியிருக்கும். இப்போது ‘மயிலாப்பூருக்கு வந்த’ இரண்டு பக்கமும் வெட்டப்பட்டு நடுவில் தனியாக நிற்கிறது, படிப்பவர் இரண்டு தடவை படிக்க வேண்டும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் குறியை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிரித்துவிடுங்கள்:

> தலைமையாசிரியரின் அண்ணன் மயிலாப்பூருக்கு வந்திருந்தார். நேற்று அவர் எங்களுக்குப் பரிசு கொடுத்தார்.

கமாவே இல்லை, சந்தேகமும் இல்லை.

‘யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம்’, இதுல கமா உண்டா?

‘வருகிறாரோ’ என்பதற்குப் பின்னால் போடலாம்: ‘யார் முதலில் வருகிறாரோ, அவருக்கு இடம்.’ இரண்டு பாதிகளும் எங்கே பிரிகின்றன என்று அது காட்டும். இரண்டு பாதியும் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது போடாவிட்டாலும் யாரும் குழம்பமாட்டார்கள். ‘யார்’ என்பதற்குப் பின்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ‘வருகிறாரோ’ என்பதோடு சேரவேண்டிய சொல்.